வெறுமை இரண்டும் விழுந்தால் பன்னிரண்டு

தாயக்கட்டைக்கு நான்கு நீளப் பக்கங்கள். ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. நான்காவது பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தரையில் விட்டு, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டுகிறோம். ஒன்றும் வெறுமையும் விழுந்தால் தாயம். அது விழும்வரை காய் கட்டத்துக்குள் இறங்காது. மூன்றும் மூன்றும் விழுந்தால் ஆறு. இரண்டுமே வெறுமையாக விழுந்தால் மட்டும் கணக்கு மாறுகிறது. கூட்டினால் பூஜ்ஜியம்தான் வர வேண்டும். ஆனால் நாம் பன்னிரண்டு என்று கூவுகிறோம். இருப்பதிலேயே பெரிய ஆட்டம் அதுதான்.

கட்டையில் பெரிய எண் விழுந்தால் ஆட்டமும் பெரிதாக இருக்குமா? ‘ஆமாம்’ என்று யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். புள்ளியியலில் இப்படிப்பட்ட கேள்விக்கு விடை சொல்ல இரண்டு அளவைகள் உண்டு. ஒன்று உடன்மாறுபாடு, கல்லூரி வகுப்பில் கோவேரியன்ஸ் என்பார்கள். மற்றது ஒட்டுறவு, அதாவது கோரிலேஷன். தாயத்தில் இந்த இரண்டையும் கடைசிப் பின்னம்வரை துல்லியமாகக் கணக்கிடலாம். ஏனென்றால் நடக்கக்கூடியவை மொத்தமே பதினாறுதான். முதல் கட்டையில் நான்கு வழி, இரண்டாவதில் நான்கு வழி. கட்டை கோணாமல் தேயாமல் இருக்கிறது, நான்கு பக்கமும் சம வாய்ப்போடு விழுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வழிக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. பழைய பித்தளைக் கட்டைகள் எல்லாமே அப்படி நேர்மையாக விழுமா என்பது வேறு விஷயம்.

முதலில் பன்னிரண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, விழுந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்போம். அவற்றில் அதிகமானதைப் ‘பெரியது’ என்றும், குறைவானதைச் ‘சிறியது’ என்றும் அழைப்போம். மூன்றும் ஒன்றும் விழுந்தால் பெரியது 3, சிறியது 1. இரண்டும் இரண்டும் விழுந்தால் இரண்டுமே 2. பதினாறு வழிகளையும் இப்படிப் பிரித்து எழுதினால் கீழே உள்ள அட்டவணை கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண், பதினாறில் எத்தனை வழி என்பதைச் சொல்கிறது. அதைப் பதினாறால் வகுத்தால் நிகழ்தகவு.

| | பெரியது 0 | பெரியது 1 | பெரியது 2 | பெரியது 3 | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| சிறியது 0 | 1 | 2 | 2 | 2 | 7 |
| சிறியது 1 | 0 | 1 | 2 | 2 | 5 |
| சிறியது 2 | 0 | 0 | 1 | 2 | 3 |
| சிறியது 3 | 0 | 0 | 0 | 1 | 1 |
| மொத்தம் | 1 | 3 | 5 | 7 | 16 |

இதுதான் கூட்டு நிகழ்தகவு அட்டவணை. இரண்டு மாறிகளும் ஒரே நேரத்தில் என்ன மதிப்பு எடுக்கின்றன என்பதை உள்கட்டங்கள் சொல்கின்றன. ஓரத்தில் உள்ள மொத்தங்கள் ஒவ்வொரு மாறியையும் தனியாகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்கின்றன. அவற்றுக்கு விளிம்பு நிகழ்தகவு என்று பெயர். பெரியது மூன்றாக இருக்கும் வாய்ப்பு பதினாறில் ஏழு. சிறியது மூன்றாக இருக்க ஒரே ஒரு வழிதான். எந்தக் கணக்கையும் தொடங்கும் முன் விளிம்புகளைக் கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கீழ் வரிசையும் வலது ஓரமும் தனித்தனியே 16 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு கட்டத்தை நாம் தவறாக எண்ணியிருக்கிறோம்.

இரண்டு கட்டைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு விழுவதில்லை. முதல் கட்டையில் மூன்று விழுந்தது என்பதால் இரண்டாவது கட்டைக்கு எதுவும் தெரிந்துவிடாது. ஆனால் பெரியதும் சிறியதும் அப்படியல்ல. அட்டவணையின் கீழ் இடது மூலை முழுக்கப் பூஜ்ஜியம். பெரியது 1 என்று தெரிந்தால், சிறியது 2 ஆகவோ 3 ஆகவோ இருக்கவே முடியாது. ஒன்றைப் பற்றித் தெரிந்தது மற்றதைப் பற்றியும் நமக்கு ஏதோ சொல்லிவிடுகிறது. இப்படி இருந்தால் அவை ஒன்றையொன்று சார்ந்த மாறிகள். சாராதவை என்றால் ஒவ்வொரு உள்கட்டமும் அதற்குரிய இரண்டு விளிம்புகளின் பெருக்கலுக்குச் சமமாக இருந்திருக்க வேண்டும். சிறியது 3, பெரியது 0 என்ற கட்டத்துக்கு அந்தப் பெருக்கல் பதினாறில் ஒன்றைப் பதினாறில் ஒன்றால் பெருக்கியதாக இருந்திருக்கும். இருப்பதோ பூஜ்ஜியம். ஒரே ஒரு கட்டம் இப்படிப் பிசகினாலே போதும், சார்பு உறுதியாகிவிடும்.

சார்ந்திருக்கின்றன, சரி. எந்தப் பக்கம் சாய்கின்றன, எவ்வளவு? இதற்கு முதலில் சராசரிகள் வேண்டும். பெரியதின் சராசரிக்குக் கீழ் விளிம்பு போதும். ஒன்று மூன்று முறை, இரண்டு ஐந்து முறை, மூன்று ஏழு முறை, கூட்டினால் 34. பதினாறால் வகுத்தால் 2.125. சிறியதற்கு இதே கணக்கில் 14 வருகிறது, வகுத்தால் 0.875. இரண்டு சராசரிகளையும் கூட்டினால் சரியாக 3. ஒரு கட்டையின் சராசரி 1.5, இரண்டு கட்டைக்கு 3 என்பதோடு இது பொருந்துகிறது.

அடுத்து, பெருக்கற்பலனின் சராசரி. ஒவ்வொரு உள்கட்டத்திலும் பெரியதைச் சிறியதால் பெருக்கி, அந்தக் கட்டத்தில் உள்ள வழிகளின் எண்ணிக்கையால் மறுபடி பெருக்க வேண்டும். சிறியது பூஜ்ஜியமாக உள்ள மேல் வரிசை முழுதும் ஒன்றும் தராது. மற்றவற்றில் 1, 4, 6 என்பது இரண்டாம் வரிசை, 4, 12 மூன்றாம் வரிசை, 9 கடைசி. கூட்டினால் 36. பதினாறால் வகுத்தால் 2.25.

உடன்மாறுபாடு என்பது இந்தப் பெருக்கற்பலனின் சராசரியிலிருந்து, சராசரிகளின் பெருக்கற்பலனைக் கழித்தது. 2.125-ஐ 0.875-ஆல் பெருக்கினால் 1.859375. கழித்தால் 0.390625. விடை நேர்மறை. பெரியது தன் சராசரிக்கு மேலே போகும்போது சிறியதும் பொதுவாகத் தன் சராசரிக்கு மேலே போகிறது என்று பொருள்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. பெருக்கற்பலனின் சராசரியைக் கண்டுபிடிக்க உள்கட்டங்களுக்குப் போகாமல், விளிம்புகளை மட்டும் வைத்துப் பெருக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் எந்த அட்டவணையை எடுத்தாலும் உடன்மாறுபாடு பூஜ்ஜியம்தான் வரும். மாறிகள் சாராதவை என்று நாமே முடிவு செய்துவிட்டு, சார்பு இல்லை என்று கண்டுபிடிப்பது போன்றது அது. இரண்டு மாறிகளுக்கு நடுவே உள்ள உறவு பற்றிய தகவல் முழுக்க உள்கட்டங்களில்தான் இருக்கிறது. விளிம்புகளில் அதில் ஒரு துளிகூட இல்லை.

எந்தக் கட்டம் எவ்வளவு இழுக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் பெரியது தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது, சிறியது எவ்வளவு விலகியது என்று பார்த்து, இரண்டு விலகல்களையும் பெருக்கி, நிகழ்தகவாலும் பெருக்க வேண்டும். எல்லாக் கட்டங்களையும் கூட்டினால் அதே 0.390625 வரும். இரண்டுமே வெறுமையாக விழும் மூலைக்கட்டத்தில் இரண்டு விலகலும் எதிர்மறை. எதிர்மறையை எதிர்மறையால் பெருக்கினால் நேர்மறை, ஏறத்தாழ 0.116. மூன்றும் மூன்றும் விழும் எதிர் மூலையும் அதே 0.116 தருகிறது. தாயமும் ஐந்தும் தலா 0.123. எதிர்த்திசையில் பலமாக இழுப்பது ஒரே ஒரு கட்டம்தான்: மூன்றும் வெறுமையும். அங்கே பெரியது சராசரிக்கு மேலே, சிறியது சராசரிக்குக் கீழே, ஏறத்தாழ 0.096 குறைகிறது. மற்றவை எல்லாம் சில்லறை. இந்த மூலைக்கட்டத்தின் 0.116-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது வேலை காட்டப்போகிறது.

0.39 என்பது அதிகமா, குறைவா? உடன்மாறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. புள்ளிக்குப் பத்து ரூபாய் என்று பந்தயம் வைத்து, இரண்டு மாறிகளையும் ரூபாயில் எழுதினால் உடன்மாறுபாடு நூறு மடங்காகி 39.0625 ஆகிவிடும். கட்டைகளுக்குள் எதுவும் மாறவில்லை, அலகு மட்டுமே மாறியது. இந்தக் குறையை நீக்கத்தான் ஒட்டுறவு. உடன்மாறுபாட்டை இரண்டு மாறிகளின் திட்ட விலக்கங்களால் வகுத்துவிட்டால் அலகு அடிபட்டுப் போகும். விடை எப்போதும் −1-க்கும் +1-க்கும் இடையில் நிற்கும். அந்த எல்லையைத் தாண்டிய எண் வந்தால் கணக்கில் பிழை இருக்கிறது. வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

திட்ட விலக்கத்துக்கு வர்க்கங்களின் சராசரி வேண்டும். பெரியதின் வர்க்கங்களைக் கூட்டினால் 86, சிறியதற்கு 26. இனி தசமத்தில் இறங்காமல் முழு எண்ணிலேயே முடித்துவிடலாம். பதினாறை 86-ஆல் பெருக்கி, 34-இன் வர்க்கத்தைக் கழித்தால் 220. பதினாறை 26-ஆல் பெருக்கி, 14-இன் வர்க்கத்தைக் கழித்தாலும் 220. உடன்மாறுபாட்டுக்கும் இதே போல: பதினாறை 36-ஆல் பெருக்கி, 34-ஐயும் 14-ஐயும் பெருக்கிய 476-ஐக் கழித்தால் 100. மூன்றையுமே 256-ஆல் வகுக்க வேண்டியிருப்பதால் அது அடிபட்டுவிடுகிறது. ஒட்டுறவு 220-இல் 100, அதாவது 5/11. தசமத்தில் ஏறத்தாழ 0.45. தசமத்தில் பாதியிலேயே சுருக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு, ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும் இடத்தில் விடை கரைந்து போகும். முழு எண்ணில் அந்த ஆபத்து இல்லை.

ஒட்டுறவு என்ற கருத்தே இப்படிப்பட்ட அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்துதான் வந்தது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் கட்டம் கட்டமாக எண்ணி 1886-இல் வெளியிட்டார். 928 பிள்ளைகள் அந்த அட்டவணையில் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1888-இல், ஒட்டுறவை அளப்பது பற்றி ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை கொடுத்தார். இன்று நாம் பயன்படுத்தும் சூத்திரத்தை 1890-களில் நிலைநிறுத்தியவர் கார்ல் பியர்சன். கால்டனின் உயரங்கள் நடுவில் குவிந்து இரு பக்கமும் சீராகக் குறையும் வகை. அப்படிப்பட்ட அட்டவணையில் ஒட்டுறவு ஒழுங்காக நடந்துகொள்ளும். தாயம் அவ்வளவு சாது அல்ல.

கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் எடுத்துக்கொள்வோம். பெரியதையும் சிறியதையும் கூட்டினால் ஒரு மாறி, கழித்தால் இன்னொரு மாறி. கூட்டுத்தொகையின் சராசரி 3, வித்தியாசத்தின் சராசரி 1.25. பெருக்கற்பலன்களைக் கட்டம் கட்டமாகக் கூட்டினால் 60. பதினாறால் வகுத்தால் 3.75. சராசரிகளின் பெருக்கலும் அதே 3.75. உடன்மாறுபாடு பூஜ்ஜியம், ஒட்டுறவும் பூஜ்ஜியம். அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பே இல்லையா? நிறையத் தொடர்பு இருக்கிறது. கூட்டுத்தொகை ஒற்றைப்படை என்றால் வித்தியாசமும் ஒற்றைப்படை. கூட்டுத்தொகை 6 என்றால் வித்தியாசம் பூஜ்ஜியம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கூட்டுத்தொகை நடுவில், 3 ஆக இருக்கும்போதுதான் வித்தியாசம் 3 வரை போக முடிகிறது. இரண்டு ஓரங்களிலும் அது சுருங்கிவிடுகிறது. ஏறும் வழியில் கிடைத்ததை இறங்கும் வழியில் திருப்பிக் கொடுத்துவிடுவதால் கணக்கு பூஜ்ஜியத்தில் முடிகிறது. சாராத மாறிகளுக்கு ஒட்டுறவு பூஜ்ஜியமாகத்தான் இருக்கும். ஆனால் ஒட்டுறவு பூஜ்ஜியம் என்பதை வைத்துச் சாராதவை என்று சொல்லிவிட முடியாது. நேர்கோட்டில் சேர்ந்து ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது.

இப்போது பன்னிரண்டைத் திரும்ப உள்ளே கொண்டுவருவோம். நம் கேள்வி, பெரியதற்கும் ஆட்டத்தில் கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு. வெறும் கூட்டுத்தொகையை வைத்துப் பார்த்தால், அதாவது இரண்டு வெறுமைக்குப் பூஜ்ஜியம் என்று எழுதினால், பெருக்கற்பலன்களின் கூட்டல் 122. பதினாறை 122-ஆல் பெருக்கி, 48-ஐயும் 34-ஐயும் பெருக்கிய 1632-ஐக் கழித்தால் 320. கூட்டுத்தொகைக்கு 640, பெரியதற்கு முன்பு கண்ட 220. ஒட்டுறவு ஏறத்தாழ 0.85. மிக வலுவான நேர்மறை. கட்டையில் பெரிய எண் விழுந்தால் ஆட்டமும் பெரிது என்று யாரும் சொல்லும் அதே விடை.

பதினாறு வழிகளில் ஒரே ஒரு வழியில் மட்டும் 0-ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதுங்கள். அட்டவணையில் வேறு எதையும் தொட வேண்டாம். பெருக்கற்பலன்களின் கூட்டல் அதே 122-தான்; அந்தக் கட்டத்தில் பெரியது பூஜ்ஜியம் என்பதால் பன்னிரண்டால் அங்கே எதுவும் சேர்வதில்லை. ஆனால் ஆட்ட எண்களின் மொத்தம் 48-லிருந்து 60 ஆகிவிட்டது. பதினாறை 122-ஆல் பெருக்கினால் 1952. அறுபதை 34-ஆல் பெருக்கினால் 2040. கழித்தால் −88. வர்க்கங்களின் மொத்தமும் 184-லிருந்து 328-க்குத் தாவுகிறது; அதனால் ஆட்டத்தின் பக்கம் 1648. ஒட்டுறவு ஏறத்தாழ −0.15.

0.85 என்பது −0.15 ஆகிவிட்டது! வலுவான நேர்மறை, ஒரே கட்டத்தால் எதிர்மறைக்கே போய்விட்டது. வழி எது என்று தேடினால் மூலைக்கட்டத்துக்குத்தான் போக வேண்டும். முன்பு அங்கே பெரியதும் கீழே, சிறியதும் கீழே. இரண்டு எதிர்மறைகளும் பெருகி நேர்மறையைத் தூக்கிவிட்டன. இப்போது பெரியது தன் சராசரிக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கீழே கிடக்கிறது, ஆட்டமோ தன் புதிய சராசரியான 3.75-ஐவிட எட்டேகால் மேலே நிற்கிறது. அந்த ஒரு கட்டம் மட்டுமே உடன்மாறுபாட்டை 1.1 அளவுக்குக் கீழே இழுக்கிறது. மீதிப் பதினைந்து வழிகளும் சேர்ந்து அதை ஈடுகட்டப் போதவில்லை.

அப்படியென்றால் பெரிய எண் விழுந்தால் ஆட்டம் சிறிதாகும் என்பது உண்மையா? அதுவும் இல்லை. பெரியதின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஆட்டத்தின் சராசரியைத் தனித்தனியே பார்த்தால் விஷயம் தெளிவாகும். அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையையும் அதன் கீழ் விளிம்பால் வகுத்தால் போதும். பெரியது 1 என்றால் ஆட்டம் சராசரியாக 1.33, பெரியது 2 என்றால் 2.8, பெரியது 3 என்றால் 4.29. ஒழுங்காக ஏறிக்கொண்டு போகிறது. பெரியது 0 என்றால் மட்டும் 12. அந்த நான்கு சராசரிகளையும் வரிசையாக எழுதினால் உறவின் வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது: ஒரு பள்ளத்தாக்கின் இடது ஓரத்தில் செங்குத்தான மலை, வலது பக்கம் மெல்ல ஏறும் சரிவு. இந்த வடிவத்தை −0.15 என்ற ஒற்றை எண்ணில் அடைக்கப் பார்த்தால் அது எதையும் சரியாகச் சொல்வதில்லை. ஒட்டுறவைக் கணக்கிடுகிறவர் அதன் பக்கத்தில் இந்த நிபந்தனைச் சராசரிகளையும் ஒரு வரியில் எழுதிவிட்டால் படிப்பவருக்கு ஏமாற்றம் இருக்காது. அட்டவணை கையில் இருக்கும்போது அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஏனோ பெரும்பாலோர் எழுதுவதில்லை.

இவ்வளவும் அட்டவணை முழுதும் நமக்குத் தெரியும் என்பதால் நடந்தது. அட்டவணை தெரியாத ஒருவர், தாயம் ஆடுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இருபது உருட்டல்களைக் குறித்துக்கொண்டு ஒட்டுறவைக் கணக்கிடுகிறார் என்று வையுங்கள். இரண்டு வெறுமையும் ஒரு முறைகூட விழாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொரு உருட்டலிலும் அது விழாமல் போகும் வாய்ப்பு 15/16. இருபது முறை தொடர்ந்து விழாமல் போக, அதை இருபது முறை தன்னோடு பெருக்க வேண்டும், ஏறத்தாழ 0.275 வருகிறது. நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். அப்படிப்பட்ட நாளில் அவர் நோட்டில் மீதிப் பதினைந்து வழிகள் மட்டுமே வந்திருக்கும். அந்தப் பதினைந்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஒட்டுறவு 0.80. அதையொட்டிய ஏதோ ஒரு எண்ணோடு அவர் எழுந்து போவார், தன் விடையில் சந்தேகப்பட அவருக்கு எந்தக் காரணமும் இருக்காது. பக்கத்து வீட்டில் குறித்தவருக்கு அன்று பன்னிரண்டு இரண்டு முறை விழுந்திருந்தால், அவருடைய நோட்டில் எதிர்மறை எண் இருக்கும். இருவரும் கூட்டலில் பிழை செய்யவில்லை. இருபதை இருநூறாக்கினால், பன்னிரண்டே விழாமல் போகும் வாய்ப்பு ஐந்து லட்சத்தில் ஒன்றைவிடச் சற்று அதிகம் என்ற அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு நோட்டுகளும் ஒத்துப்போகத் தொடங்கும்.